நெய் விலை பத்து சதவீதம் ஏறினால் எத்தனை பாட்டில் குறையும்?

ஊத்துக்குளிப் பக்கம் வெண்ணெய் வாங்கி, உருக்கி, அரை லிட்டர் பாட்டிலில் அடைத்து இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருட ஆர்டர்கள் ஒரு எக்செல் கோப்பில் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் நெய் விலை நான்கு முறை மாறியிருக்கிறது. முதலில் 480 ரூபாய். 2024 தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரம் ஆஃபர் போட்டு 432. பிறகு மறுபடியும் 480. 2025 ஏப்ரலில் 528. ஜி.எஸ்.டி. குறைந்த 2025 செப்டம்பர் 22 முதல் 495. (கடையும் ஆர்டர் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. பண்டிகைத் தேதிகளும் வரி விகிதங்களும் நிஜம்.)

கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். விலையை ஒரு சதவீதம் ஏற்றினால் விற்பனை எத்தனை சதவீதம் குறையும்? பொருளியலில் இதற்கு விலை நெகிழ்ச்சி என்று பெயர். 1890-இல் வெளிவந்த தன் நூலில் ஆல்ஃபிரட் மார்ஷல் இதற்கு இன்று நாம் அறியும் வடிவத்தைக் கொடுத்தார். விற்பனை குறையும் சதவீதத்தை விலை ஏறிய சதவீதத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். விடை 2 என்றால், பத்து சதவீத விலையேற்றம் ஏறக்குறைய இருபது சதவீத வாடிக்கையைக் கொண்டுபோகும். விடை 0.3 என்றால் மூன்று சதவீதம் மட்டுமே போகும். விலையும் விற்பனையும் எதிர்த்திசையில் போவதால் இந்த எண் கணக்கில் கழித்தல் குறியோடு வரும். பேச்சில் அதை விட்டுவிடுவது வழக்கம், நானும் விட்டுவிடுகிறேன்.

விலை நான்கு முறை மாறியிருப்பதால் விடை கோப்பிலேயே இருக்கிறது என்று தோன்றும். முதல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 480 ரூபாயில் சாதாரண வாரத்தில் 100 பாட்டில் போனது. 432 ரூபாய் ஆஃபரில் வாரத்துக்கு 190 போனது. விலை பத்து சதவீதம் இறங்க, விற்பனை தொண்ணூறு சதவீதம் ஏறியிருக்கிறது. அப்படியானால் நெகிழ்ச்சி 9. இதை நம்பினால் விலையை இன்னும் இறக்க வேண்டும், வருடம் முழுக்க ஆஃபர் போட வேண்டும்.

இதைவிட வேடிக்கையான கணக்கு ஒன்றும் அதே கோப்பில் இருக்கிறது. நெய்க்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 அன்று 5 சதவீதமாகக் குறைந்தது. 112 ரூபாய்க்கு விற்றது 105 ஆனது போல, விலை 6.25 சதவீதம் இறங்கியது. 528 சரியாக 495 ஆனது. அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் வாரம் 60 பாட்டில், பிந்தைய நான்கு வாரத்தில் வாரம் 150. விற்பனை ஒன்றரை மடங்கு கூடுதல். வகுத்துப் பார்த்தால் நெகிழ்ச்சி 24! ஆறு சதவீத விலைக்குறைப்புக்கு நெய் இப்படிப் பறக்காது என்று கடையில் பொட்டலம் கட்டுபவருக்கே தெரியும்.

ஒரே கடை, ஒரே நெய். ஒரு மாற்றம் 9 என்கிறது, இன்னொன்று 24 என்கிறது. கோப்பில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது. தேதி இருக்கிறது, விலை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. அந்த விலை ஏன் மாறியது என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. பழைய ஆர்டர்களிலிருந்து நெகிழ்ச்சியைக் கணிக்கும் வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு பத்தியை நிரப்புவதுதான் என்பது என் கருத்து. விலை நான்கு முறை மாறியதா, நாற்பது முறை மாறியதா என்பது அடுத்த கேள்வி.

இந்தப் பள்ளத்தில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி மூர் 1914-இல் வெளியிட்ட நூலில், வார்ப்பிரும்பின் விலையையும் விற்ற அளவையும் பல ஆண்டுகளுக்கு வரிசைப்படுத்திப் பார்த்தார். விலை ஏறிய ஆண்டுகளில் விற்பனையும் ஏறியிருந்தது. விலை கூடக்கூட மக்கள் அதிகம் வாங்கும் பொருள் என்று அதற்கு ஒரு புதிய தேவைக் கோட்டையே வரைந்துவிட்டார். உண்மையில் நடந்தது வேறு. தொழில் செழித்த ஆண்டுகளில் எல்லோருக்கும் இரும்பு தேவைப்பட்டது, அதனால்தான் விலை ஏறியது. விலை தேவையை நகர்த்தவில்லை, தேவை விலையை நகர்த்தியது.

இதை அப்போதே சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் ஃபிலிப் ரைட். 1928-இல் அவர் எழுதியது விலங்கு, தாவர எண்ணெய்கள் மீதான இறக்குமதி வரியைப் பற்றிய நூல். சாதாரணமாக யாரும் எடுத்துப் படிக்காத தலைப்பு. அதன் பிற்சேர்க்கை ஒன்றில் இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னார். வாங்குபவரின் விருப்பத்தைத் தொடாமல், விற்பவரின் பக்கத்தை மட்டும் அசைக்கும் ஒரு காரணத்தைத் தேடு. அந்தக் காரணத்தால் விலை மாறிய அளவை மட்டும் எடுத்துக் கணக்குப் போடு என்பதே அவர் வழியின் சாரம்.

இதற்குப் பாடநூல்களில் வரும் நல்ல உதாரணம் மீன். நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையில் 1991 டிசம்பர் முதல் 1992 மே வரை ஒரு வியாபாரியின் வைட்டிங் வகை மீன் விற்பனையை நாள்வாரியாகப் பதிவுசெய்து ஆராய்ந்தார் கேத்ரின் கிராடி. கடலில் காற்றும் அலையும் எழும்போது மீன் வரத்து குறையும், விலை ஏறும். ஆனால் நடுக்கடலில் அலை எழுந்ததால் நகரத்தில் இருப்பவருக்கு மீன் சாப்பிடும் ஆசை கூடவோ குறையவோ போவதில்லை. விலையையும் அளவையும் நேராக வைத்துக் கணித்தால் நெகிழ்ச்சி ஏறக்குறைய அரைதான் வந்தது. கடல் கொந்தளிப்பால் ஏற்பட்ட விலை மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்தபோது அது ஒன்றை நெருங்கியது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை இருக்கும்போது காசிமேட்டில் வஞ்சிரம் விலை ஏறுவதும் இந்த வகைதான். வாங்குபவர் மாறவில்லை, வரத்துதான் மாறியது.

இப்போது நம் நெய்க் கடையின் விடுபட்ட பத்தியை நிரப்பலாம்.

2024 அக்டோபர் ஆஃபர்: தீபாவளி வருகிறது என்பதால் போட்டது. விலை குறைந்ததும் தேவை கூடியதும் ஒரே காரணத்தின் இரு பிள்ளைகள். ஆஃபர் முடிந்து மறுபடி 480 ஆனது: தீபாவளி முடிந்ததால். 2025 ஏப்ரல் ஏற்றம்: வெண்ணெய் தரும் பண்ணைகள் கொள்முதல் விலையை உயர்த்தியதால். வாங்குபவருக்கு இதில் சம்பந்தம் இல்லை, ரைட் தேடச் சொன்ன வகை இதுதான். 2025 செப்டம்பர் இறக்கம்: அரசு வரியைக் குறைத்ததால். காரணம் சுத்தமானது, ஆனால் நேரம் மோசமானது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் தீபாவளி ஆஃபரைச் சரிசெய்வோம். ஆஃபர் வாரங்களைச் சாதாரண வாரங்களோடு ஒப்பிட்டதுதான் பிழை. ஆஃபர் இல்லாத இன்னொரு தீபாவளியோடு ஒப்பிட வேண்டும். நல்லவேளையாக 2023-இல் கடை ஆஃபர் போடவில்லை. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. அதற்கு முந்தைய நான்கு வாரத்தில் 480 ரூபாய்க்கே வாரம் 150 பாட்டில் போயிருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் ஒரு வருடத்தில் பண்டிகை உள்ளே இருக்கும், இன்னொன்றில் வெளியே போய்விடும். ஆங்கில மாதத்தை விட்டுவிட்டு, பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு என்று எண்ணித்தான் வாரங்களைப் பொருத்த வேண்டும். மென்பொருள்கள் பல மாதத்தை வைத்தே பருவத்தைக் கணிக்கும். நம் ஊர் விற்பனைக்கு அது ஒத்துவராது.

சதவீதம் போடுவதிலும் ஒரு சிறு திருத்தம் தேவை. 480-இலிருந்து 432 பத்து சதவீத இறக்கம், 432-இலிருந்து 480 பதினோரு சதவீத ஏற்றம். ஒரே தூரத்துக்குப் போகும்போது ஓர் எண், வரும்போது வேறோர் எண். இதைத் தவிர்க்க மடக்கை எடுப்பார்கள். எக்செலில் LN என்று அடித்தால் போதும், எந்தப் பக்கம் போனாலும் விடை ஒன்றாகவே இருக்கும். ஆஃபர் விற்பனையை 2023 தீபாவளியோடு வைத்துப் பார்த்தால்:

```
=LN(190/150)/LN(432/480)
```

விடை 2.2. ஒன்பதில் இருந்த எண் இரண்டுக்கு இறங்கிவிட்டது. மீதி எல்லாம் தீபாவளியின் உபயம்.

இதிலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. நெய் கெட்டுப்போகாத பொருள். ஆஃபரைப் பார்த்தவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிறார், அடுத்த மாதம் வாங்குவதில்லை. 2023 தீபாவளிக்குப் பிந்தைய நான்கு வாரத்தில் வாரம் 92 பாட்டில் போனது. 2024-இல் அதே நான்கு வாரத்தில் 76தான். வாரம் 16 என்று நான்கு வாரத்துக்கு 64 பாட்டில் குறைவு. ஆஃபரால் கூடுதலாக விற்றது வாரம் 40 என்று 160 பாட்டில். அதில் 64 பின்னால் விற்க வேண்டியது முன்னாலேயே போனது, அவ்வளவுதான். நிஜமான கூடுதல் 96 பாட்டில், வாரத்துக்கு 24. கணக்கை மறுபடி போட்டால் நெகிழ்ச்சி 1.4.

ஒன்பதிலிருந்து 1.4. இது வெறும் பாடநூல் திருத்தம் இல்லை, பணம். அப்போதைய 480-இல் 12 சதவீத வரி போகக் கடைக்கு வருவது சுமார் 429 ரூபாய். வெண்ணெய், விறகு, பாட்டில், கூலி எல்லாம் சேர்ந்து செலவு 310 என்றால் ஒரு பாட்டிலில் மிஞ்சுவது 119. ஆஃபர் விலையான 432-இல் வரி போக 386, மிஞ்சுவது 76. விலை இறங்கியது பத்து சதவீதம், லாபம் இறங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆஃபர் இல்லாமல் இருந்தால் நான்கு வாரத்தில் 600 பாட்டில் விற்று 71,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். ஆஃபரில் 760 விற்று 57,760 மிஞ்சியது. பின்னால் விற்காமல் போன 64 பாட்டிலின் லாபத்தையும் கழித்தால் ஏறக்குறைய 50,000. ஆக, கடையே திணறும் அளவுக்கு ஆர்டர் குவிந்த அந்த மாதத்தில் கடை 21,000 ரூபாய்க்கு மேல் விட்டிருக்கிறது. பொட்டலம் கட்டக் கூடுதல் ஆள் வைத்த சம்பளம் இதில் சேரவில்லை.

அடுத்தது 2025 ஏப்ரல் ஏற்றம். நான்கில் அதிகம் நம்பத்தக்கது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பண்டிகை அதிகம் குறுக்கிடாத மாதங்களை எடுத்துக்கொள்வோம்: மே முதல் ஆகஸ்ட் வரை. 2024-இல் அந்த மாதங்களில் 480 ரூபாயில் வாரம் 100 பாட்டில். 2025-இல் 528 ரூபாயில் வாரம் 87. ஆகஸ்டின் கடைசி இரண்டு வாரங்களை மட்டும் இரண்டு வருடத்திலும் விட்டுவிடுகிறேன், காரணம் பின்னால் வரும்.

நூறு எண்பத்தேழாகிவிட்டது என்று உடனே வகுத்துவிடக் கூடாது. விலை 480-லேயே இருந்திருந்தால் 2025-இல் எத்தனை பாட்டில் போயிருக்கும்? அதுவும் நூறுதானா? கடை ஒரு வருடத்தில் வளர்ந்திருக்கலாம். இதைச் சோதிக்க, அதே கடையில் விலை மாறாத இன்னொரு பொருளைப் பார்க்க வேண்டும். இந்தக் கடையில் தேன் இருக்கிறது. அதன் விலை மாறவே இல்லை, அதன் விற்பனை அந்த மாதங்களில் 5 சதவீதம் கூடியிருக்கிறது. ஆகவே நெய்யும் விலை மாறாதிருந்தால் 105 ஆகியிருக்கும் என்று கொள்ளலாம். 105 இருக்க வேண்டிய இடத்தில் 87:

```
=LN(87/105)/LN(528/480)
```

விடை 2.0, கழித்தல் குறியோடு. தேனைப் பார்க்காமல் விட்டிருந்தால் 1.5 தான் வந்திருக்கும். தேனைத் துணைக்கு அழைப்பதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நெய் வாங்க வருபவரே அனுப்பும் செலவு மிச்சம் என்று தேனையும் சேர்த்து வாங்குபவராக இருந்தால், நெய் விற்பனை சரியும்போது தேனும் கொஞ்சம் சரியும். அப்போது தேன் நடுநிலைச் சாட்சி இல்லை. நெய் இல்லாமல் தேன் மட்டும் உள்ள ஆர்டர்களைத் தனியாக எண்ணிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

கணக்குக்குப் போகும் முன் கோப்பில் செய்ய வேண்டிய துப்புரவுப் பணி ஒன்று உண்டு. ஆர்டர் கோப்பில் வாங்கியவர் மட்டுமே இருப்பார். பக்கத்துக்கு வந்து, விலையைப் பார்த்து, போய்விட்டவருக்கு அங்கே வரி கிடையாது. ஒரு நாளில் ஆர்டரே வரவில்லை என்றால் அந்த நாளே கோப்பில் இருக்காது. விற்காத நாட்களுக்குச் சுழியம் என்று நாமே வரி சேர்க்காவிட்டால், ஏறிய விலையில் நிகழ்ந்த சரிவு கணக்கில் மெலிந்துவிடும். இன்னொரு பக்கம், சரக்கு தீர்ந்துபோன நாட்களிலும் சுழியம்தான் இருக்கும். அவற்றை நீக்க வேண்டும், ஏனென்றால் அங்கே குறைந்தது தேவை இல்லை, நெய். ஒருவர் கல்யாணத்துக்கென்று நாற்பது பாட்டில் வாங்கிய ஆர்டரையும் தனியே எடுத்து வைப்பது நல்லது. விலை நிலவரம் என்னவாக இருந்தாலும் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும்.

விலைப் பத்தியிலும் இதே கவனம் வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்த தொகையைப் பாட்டிலால் வகுத்து 'சராசரி விலை' என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கூப்பன் வைத்திருந்த பழைய வாடிக்கையாளர்கள் அதிகம் வந்த வாரத்தில் அந்தச் சராசரி தானாகவே இறங்கும், விற்பனையும் ஏறியிருக்கும். கடை விலையை மாற்றவே இல்லை, ஆனால் கோப்பைப் பார்த்தால் விலைக்குறைப்பு வேலை செய்தது போலத் தெரியும். அன்று கடைப் பக்கத்தில் எல்லோருக்கும் காட்டிய விலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஜி.எஸ்.டி. மாற்றம். காரணத்தைப் பார்த்தால் இதைவிடச் சுத்தமானது கிடைக்காது. ஊத்துக்குளியில் நெய் எப்படி விற்கிறது என்று பார்த்து யாரும் வரியைக் குறைக்கவில்லை. ஆனால் அது நிகழ்ந்த விதம் கணக்கை இரண்டு பக்கமும் கெடுத்தது. வரி குறையப்போகிறது என்று பிரதமர் ஆகஸ்ட் 15 உரையிலேயே சொல்லிவிட்டார். செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் விகிதங்களை முடிவு செய்தது. ஆகஸ்ட் பாதிக்குப் பிறகு கையிருப்பு நெய்யை வழித்து எடுத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். வாரம் 60 என்ற அந்தச் சரிவுக்கு விலை காரணம் இல்லை, வரப்போகும் விலை காரணம். விலை இறங்கிய செப்டம்பர் 22 நவராத்திரியின் தொடக்கம். அடுத்த நான்காவது வாரம் முடிய, அக்டோபர் 20 தீபாவளி. காத்திருந்தவர்களும் பலகாரம் சுடுபவர்களும் ஒரே வாசலில் வந்து நின்ற வாரங்கள் அவை. 24 என்ற எண் பிறந்த கதை இதுதான்.

இந்தக் கலங்கல் தெளிய, நடுவில் உள்ள வாரங்களைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அறிவிப்புக்கு முந்தைய ஜூலை ஒரு பக்கம், தீபாவளியும் அதன் பின்விளைவும் முடிந்த டிசம்பர் மறுபக்கம். 2025 ஜூலையில் 528 ரூபாயில் வாரம் 86, டிசம்பரில் 495 ரூபாயில் வாரம் 98. டிசம்பரில் இயல்பாகவே விற்பனை கொஞ்சம் கூடுமா? முந்தைய ஆண்டு ஜூலையிலும் டிசம்பரிலும் விலை ஒன்றேதான், விற்பனை 100-உம் 104-உம். ஆகவே நான்கு சதவீதம் பருவத்துக்குப் போக, 89 இருக்க வேண்டிய இடத்தில் 98 என்று ஆகிறது. நெகிழ்ச்சி 1.4.

ஏப்ரல் 2.0 என்கிறது, ஜி.எஸ்.டி. 1.4 என்கிறது. எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள் இல்லை. ஏப்ரலில் இந்தக் கடை மட்டும் விலையை ஏற்றியது, பெரிய நிறுவனங்களின் நெய் பழைய விலையிலேயே கிடைத்தது. கோபப்பட்டவர் வேறு கடைக்குப் போக வழி இருந்தது. செப்டம்பரில் எல்லாக் கடையிலும் ஒரே நாளில் ஒரே அளவு இறங்கியது. யாரும் யாரிடமிருந்தும் வாடிக்கையாளரைப் பறிக்கவில்லை, இருக்கிறவர் கொஞ்சம் கூடுதலாக நெய் ஊற்றிக்கொண்டார். தனியாக விலையை மாற்றினால் விளைவு பெரிதாகவும், எல்லோரும் சேர்ந்து மாற்றினால் சிறிதாகவும் இருப்பது எதிர்பார்க்க வேண்டியதே. தீபாவளி ஆஃபரும் 1.4 என்று வந்ததில் இதன் சாயல் இருக்கிறது: அந்த மாதத்தில் ஆஃபர் போடாத கடை எங்கே இருக்கிறது?

ஆனால் இந்த விளக்கத்தில் நான் அதிகம் மயங்க மாட்டேன். விலை அசையாத காலத்திலேயே இந்தக் கடையின் விற்பனை ஒரு வாரம் 88, அடுத்த வாரம் 112 என்று ஆடும். அந்த ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்தால், ஏப்ரலின் 2.0 என்பது ஏறக்குறைய 1.1-க்கும் 2.9-க்கும் இடையே எங்கோ என்றுதான் சொல்ல முடியும். பத்து சதவீத விலை மாற்றத்தில், மாதக்கணக்கான வாரங்களைச் சராசரி எடுத்த பிறகும் இவ்வளவு அகலம். ஜி.எஸ்.டி. மாற்றம் ஆறு சதவீதம்தான், எடுத்துக்கொண்ட வாரங்களும் குறைவு, எனவே அதன் அகலம் இன்னும் பெரிது. 1.4-உம் 2.0-உம் வேறு வேறு என்று சத்தியம் செய்ய இந்தக் கோப்பில் ஆதாரம் இல்லை. மென்பொருளில் விலை, பருவம், வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டால் 1.73 என்பது போல ஓர் எண் வந்து விழும். அந்த இரண்டாவது தசம இடத்தை யாராவது நம்பிப் பேசினால், எத்தனை விலை மாற்றங்களிலிருந்து வந்தது, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் இருந்தாலும், பயன்படும் விலை மாற்றங்கள் இங்கே இரண்டு அல்லது மூன்றுதான்.

இவ்வளவு அகலமான விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றால், கடைக்காரரின் முடிவுகளுக்கு இதுவே போதும் என்பதுதான் ஆறுதல். ஏப்ரல் ஏற்றத்தையே பார்ப்போம். வெண்ணெய் விலை ஏறியதால் ஒரு பாட்டிலின் செலவு 345 ஆனது என்று கொள்வோம். 480-லேயே இருந்திருந்தால் வரியும் செலவும் போக ஒரு பாட்டிலுக்கு 84 மிஞ்சும், 105 பாட்டிலுக்கு வாரம் 8,820. 528-இல் 126 மிஞ்சியது, 87 பாட்டிலுக்கு 10,962. நெகிழ்ச்சி மிக மோசமாக 2.9 ஆகவே இருந்திருந்தாலும் வாரம் 80 பாட்டில் போயிருக்கும், பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சியிருக்கும். விலையை ஏற்றியது சரிதான், எந்த முனையை எடுத்தாலும். தீபாவளி ஆஃபரிலும் அப்படியே. 119 மிஞ்சிய இடத்தில் 76 மிஞ்சும்போது, லாபம் குறையாமல் இருக்க விற்பனை 57 சதவீதம் கூட வேண்டும். அதற்கு நெகிழ்ச்சி நான்குக்கு மேல் இருக்க வேண்டும். 1.1-இலிருந்து 2.9 வரை எங்கே இருந்தாலும் நான்கு எட்டாத உயரம்.

விலையை 600 ஆக்கலாமா என்று கேட்டால் மட்டும் இந்தக் கோப்பு பேசாது. அது பார்த்த விலைகள் 432-இலிருந்து 528 வரை. 600 என்பது பலருக்கு மனத்தில் ஒரு வேலி. அதைத் தாண்டினால் விற்பனை மெல்லச் சரியுமா, ஒரேயடியாக விழுமா என்பதை 528 வரை நடந்ததை வைத்துச் சொல்ல முடியாது. காலத்திலும் இதே எல்லை உண்டு. ஏப்ரலில் விலை ஏறியதும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கியவர்கள் இருப்பார்கள். அவர்கள் வேறு நெய்யைத் தேடி, ருசி பார்த்து, பழகி மாற எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். வாராந்தர எண்ணிக்கையில் புதியவர்கள் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுவதால் அது தெரியாது. 2025 ஏப்ரலுக்கு முன் மாதம் ஒரு பாட்டில் தவறாமல் வாங்கியவர்களைப் பெயர் பெயராகப் பிரித்தெடுத்து, அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர்களில் எத்தனை பேர் இன்னும் வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு வேண்டியதெல்லாம் அதே கோப்பில் ஏற்கெனவே இருக்கும் கைபேசி எண் பத்திதான்.